எடை போடுவதா, விடுவதா? கணக்கெடுப்பு ரிக்ரஷனில் நான்கு வழிகள்

கணக்கெடுப்புத் தரவைத் திறந்தால் கடைசிப் பக்கத்து நெடுவரிசைகளில் மூன்று நிற்கும்: எடை, அடுக்கு எண், கொத்து எண். ரிக்ரஷன் ஓட்டும் பலர் எடையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். சிலர் மூன்றையும் விட்டுவிடுகிறார்கள். நான் இங்கே வற்புறுத்த நினைப்பது ஒன்றுதான். எடை ஒரு கேள்விக்கு விடை, கொத்து வேறொரு கேள்விக்கு விடை. கெழு எதைக் குறிக்கிறது என்பதை எடை தீர்மானிக்கிறது. அந்தக் கெழுவை எவ்வளவு நம்பலாம் என்பதைப் பெரும்பாலும் கொத்து தீர்மானிக்கிறது. இரண்டையும் ஒரே முடிவாகக் கட்டிப்போட்டால்தான் குழப்பம் வருகிறது.

ஒரு கற்பனைக் கணக்கெடுப்பை வைத்துப் பார்ப்போம். மக்கள்தொகையில் 20 சதவீதம் நகரம், 80 சதவீதம் கிராமம். நகரத்தைப் பற்றித் தனியாகவும் சொல்ல வேண்டும் என்பதற்காக மாதிரியைப் பாதிக்குப் பாதி எடுத்திருக்கிறார்கள். மொத்தம் 200 கொத்துகள், ஒவ்வொன்றிலும் 20 பேர், ஆக 4,000 பேர். சராசரி 1 ஆகும்படி எடைகளை அமைத்தால் நகரத்தவருக்கு 0.4, கிராமத்தவருக்கு 1.6. ஓர் ஆண்டு கூடுதலாகப் படித்தால் கூலியின் மடக்கை நகரத்தில் 0.10, கிராமத்தில் 0.06 உயர்கிறது என்று வைத்துக்கொள்வோம். படித்த ஆண்டுகளின் பரவல் நகரத்தில் அதிகம்: நியமவிலக்கம் அங்கே 4 ஆண்டு, கிராமத்தில் 3 ஆண்டு. உண்மை நமக்குத் தெரியும் என்பதால் நான்கு வழிகளும் எங்கே கொண்டுபோய் விடுகின்றன என்று பார்க்கலாம்.

முதல் வழி, எதுவும் போடாத சாதாரண ரிக்ரஷன். நகரமா கிராமமா என்ற மாறியைச் சேர்த்து, படிப்புக்கு ஒரே சரிவு மட்டும் கொடுத்தால் கிடைப்பது 0.086. மாதிரியில் நகரம் பாதி என்பதாலும், நகரத்தில் படிப்பின் பரவல் பெரிது என்பதாலும் நகரத்துச் சரிவின் பக்கம் இழுபட்ட எண் இது.

இரண்டாம் வழி, எடை மட்டும். இப்போது 0.072 வருகிறது. முழு மக்கள்தொகையையும் கையில் வைத்துக்கொண்டு இதே சமன்பாட்டைப் பொருத்தினால் எந்த எண் வருமோ, அதை இது சரியாக மதிப்பிடுகிறது. ஆனால் நகரச் சரிவையும் கிராமச் சரிவையும் மக்கள்தொகைப் பங்கால் சராசரி எடுத்தால் 0.2 × 0.10 + 0.8 × 0.06, அதாவது 0.068 தான் வரும். எடை போட்டாலும் அந்தச் சராசரி கிடைக்கவில்லை! காரணம், படிப்பின் பரவல் எங்கே அதிகமோ அந்தக் குழுவுக்குக் குறைந்தபட்ச வர்க்க முறை தானாகவே கூடுதல் பங்கு கொடுத்துவிடுகிறது. சோலன், ஹைடர், வுல்ட்ரிட்ஜ் மூவரும் 2015-இல் எழுதிய கட்டுரையில் அழுத்திச் சொன்ன விஷயம் இது. விளைவு குழுவுக்குக் குழு மாறும்போது, எடை போட்டுவிட்டதால் மக்கள்தொகையின் சராசரி விளைவு கைக்கு வந்துவிட்டது என்று எழுதக் கூடாது.

இரண்டாம் வழியின் பெரிய ஆபத்து திட்டப்பிழையில் இருக்கிறது. R-இல் `lm` கட்டளைக்கு `weights` கொடுத்தால், எடை 1.6 உள்ளவரின் அளவீட்டில் இரைச்சல் குறைவு, 0.4 உள்ளவரிடம் அதிகம் என்று அது புரிந்துகொள்கிறது. ஸ்டேட்டாவின் `aweight` செய்வதும் அதுவே. கணக்கெடுப்பு எடையின் பொருள் அதுவல்ல, அந்த நபர் எத்தனை பேருக்காக நிற்கிறார் என்பதுதான். எடையை எந்தப் பொருளில் எடுத்தாலும் கெழு ஒன்றாகவே வரும் என்பதால் தவறு கண்ணில் படாது. `fweight` போட்டால் நிலைமை இன்னும் மோசம். எடைகளின் கூட்டுத்தொகை 80 லட்சம் என்றால் மென்பொருள் உண்மையிலேயே 80 லட்சம் பேரைப் பேட்டி கண்டதாக எடுத்துக்கொள்ளும். 4,000 பேரின் தரவில் திட்டப்பிழை ஏறத்தாழ 45 மடங்கு சுருங்கிவிடும். எல்லா மாறிகளுக்கும் t மதிப்பு நூற்றுக்கணக்கில் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

எடைக்கு ஒரு விலையும் உண்டு. எடைகள் சமமாக இல்லாததால் துல்லியம் எவ்வளவு குறைகிறது என்பதற்கு லெஸ்லி கிஷ் தந்த எளிய அளவு, ஒன்றுடன் எடைகளின் மாறுபாட்டுக் கெழுவின் வர்க்கத்தைக் கூட்டுவது. நம் எடைகளுக்கு அது 1.36. அதாவது 4,000 பேர் ஏறத்தாழ 2,940 பேரின் வேலையைத்தான் செய்கிறார்கள், திட்டப்பிழை 17 சதவீதம் போல ஏறுகிறது. தேவை இருந்தால் கொடுக்கத் தகுந்த விலைதான். தேவையே இல்லாதபோது எதற்குக் கொடுக்க வேண்டும்?

மூன்றாம் வழி, வடிவமைப்பை முழுசாகச் சொல்லிவிடுவது.

```
svyset psu [pweight=wt], strata(strat)
svy: regress lnwage educ urban
```

R-இல் இதையே `svydesign`, `svyglm` என்ற இரண்டும் செய்கின்றன. கெழு இரண்டாம் வழியில் வந்த அதே 0.072 தான். மாறுவது திட்டப்பிழை. அது எவ்வளவு மாறும் என்பது எந்த மாறியைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

ஒரே கொத்தில் உள்ளவர்கள் ஒரே சந்தையில் வேலை தேடுகிறார்கள், ஒரே மழையை நம்பியிருக்கிறார்கள். அதனால் அவர்களின் எச்சங்கள் ஒன்றோடொன்று ஒட்டியே போகின்றன. இருபதாவது ஆளைக் கேட்கும்போது புதிதாகக் கிடைக்கும் தகவல் கொஞ்சம்தான். கெழுவின் திட்டப்பிழையின் வர்க்கம் எவ்வளவு பெருகும் என்பதற்கான தோராயக் கணக்கு இது:

```
1 + (m − 1) × ρx × ρe
```

m என்பது கொத்தில் உள்ளவர்களின் எண்ணிக்கை. ρx என்பது விளக்கும் மாறியின் கொத்துக்குள் ஒட்டுறவு, ρe என்பது எச்சத்தின் ஒட்டுறவு. ρe 0.10 என்று வைப்போம். படிப்பு ஒரே கொத்துக்குள்ளும் ஆளுக்கு ஆள் மாறும், அதற்கு ρx 0.3 என்றால் பெருக்கம் 1.57. வர்க்கமூலம் எடுத்தால் திட்டப்பிழை 25 சதவீதம் கூடுகிறது. சரி, தாங்கிக்கொள்ளலாம். இப்போது அந்தக் கொத்துக்குத் தார்ச்சாலை உண்டா என்ற மாறியைச் சேர்த்துப் பாருங்கள். கொத்தில் இருபது பேருக்கும் ஒரே மதிப்பு, ρx சரியாக 1. பெருக்கம் 2.9, திட்டப்பிழை 1.7 மடங்கு. சாலையின் கெழு 0.05, சாதாரணத் திட்டப்பிழை 0.02, t மதிப்பு 2.5 என்று ஒருவர் நட்சத்திரக் குறி போட்டிருந்தால், கொத்தைக் கணக்கில் சேர்த்ததும் திட்டப்பிழை 0.034, t மதிப்பு 1.5. கண்டுபிடிப்பு அங்கேயே கரைந்துவிட்டது. எச்சத்தின் ஒட்டுறவு வெறும் 0.10 என்பதைக் கவனியுங்கள். பார்த்தால் அற்பமாகத் தெரியும் அந்த எண்ணை 19 பெருக்கிவிடுகிறது.

அடுக்குகள் எதிர்ப்பக்கம் இழுக்கும், பிழையைச் சற்றுக் குறைக்கும். ஆனால் அடுக்கைப் பிரித்த காரணமே சமன்பாட்டில் மாறியாக இருந்தால் அந்த லாபம் பெரும்பாலும் சிறிதுதான். சாதாரண ராபஸ்ட் பிழை கொத்துக்கு மாற்றாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது ஒவ்வொருவரின் பரவலும் வேறாக இருக்கலாம் என்று அனுமதிக்கிறதே தவிர, பக்கத்து வீட்டாரோடு உள்ள ஒட்டுறவைத் தொடுவதில்லை.

நான்காம் வழி, எடையை விட்டுவிட்டு, எடை எதனால் வேறுபட்டதோ அந்தக் காரணங்களைச் சமன்பாட்டுக்குள் கொண்டுவருவது. கொத்துவாரித் திட்டப்பிழையை மட்டும் விடுவதில்லை. நம் எடுத்துக்காட்டில் எடை மாறுவதற்கு நகரம், கிராமம் என்ற ஒரே காரணம்தான். படிப்பையும் நகரத்தையும் பெருக்கி ஓர் உறுப்பு சேர்த்தால் 0.10, 0.06 என இரண்டு சரிவுகளும் தனித்தனியே வெளியே வந்துவிடும். மக்கள்தொகைச் சராசரி வேண்டுமா, பங்குகளால் நாமே சேர்த்து 0.068 என்று சொல்லலாம். எது எதன் சராசரி என்பதும் வாசகருக்குத் தெளிவாகிவிடும். விளைவைத் தேடும் ஆய்வுகளுக்கு நான் முதலில் முயல்வது இந்த வழியைத்தான்.

மூன்றாவதா நான்காவதா என்று சோதித்துப் பார்க்க டூமோஷல், டன்கன் இருவரும் 1983-இல் ஒரு முறை தந்தார்கள். எடையையும், எடையை ஒவ்வொரு மாறியோடு பெருக்கிய உறுப்புகளையும் சமன்பாட்டில் சேர்த்து, எடை போடாமல் ஓட்டி, அந்த உறுப்புகள் எல்லாம் சேர்ந்து பூச்சியமா என்று பார்ப்பது. கொத்துவாரிப் பிழையோடு செய்தால்தான் சோதனைக்கு மதிப்பு.

```
regress lnwage c.educ##c.wt urban, vce(cluster psu)
testparm c.educ#c.wt
```

நம் தரவில் எடையும் நகர மாறியும் ஒரே தகவல் என்பதால் இரண்டில் ஒன்றை மென்பொருளே கழற்றிவிடும், அதனால் இங்கே சோதிக்க மிஞ்சுவது பெருக்கல் உறுப்பு மட்டும்தான். பெருக்கல் உறுப்பின் கெழு −0.033 அருகே வரும்: எடை 0.4-லிருந்து 1.6-க்குப் போகும்போது சரிவு 0.04 குறைகிறது அல்லவா, அதுதான். அந்த உறுப்புகள் பூச்சியம் இல்லை என்று சோதனை காட்டினால் உடனே எடைக்கு ஓடாமல், எதை விட்டுவிட்டோம் என்று தேடுவது நல்லது. பெரும்பாலும் இப்படி ஒரு பெருக்கல் உறுப்புதான் விடுபட்டிருக்கும்.

நான்காம் வழி கைகொடுக்காத இடமும் உண்டு. தேர்வு செய்ததே விளைவு மாறியைப் பார்த்து என்றால் எடை கட்டாயம். குறைந்த கூலிக்காரர்களை வேண்டுமென்றே அதிகம் எடுத்த மாதிரியில் கூலியை விளக்கப் பார்த்தால், நிறையப் படித்தும் குறைந்த கூலி வாங்குபவர்கள் அளவுக்கு மீறி வந்திருப்பார்கள். எச்சமும் தேர்வும் பிணைந்துவிட்டன. இதைச் சரிசெய்யும் கட்டுப்பாட்டு மாறி என்று எதுவும் கிடையாது, ஏனென்றால் அந்த மாறி கூலியேதான். பதில் தராதவர்களுக்காகத் திருத்திய எடைகளிலும், திருத்தத்துக்குப் பயன்படுத்திய மாறிகள் தரவில் தரப்படவில்லை என்றால் எடை போட்ட முடிவையும் கூடவே காட்டுவேன். சராசரி, விகிதம் போன்ற வெறும் விவரிப்புக்கு விவாதமே இல்லை, எடை வேண்டும்.

மூன்றாம் வழியில் போகிறவர்கள் அடிக்கடி இடறும் இடம் துணைக்குழு. பெண்களுக்கு மட்டும் ஓட்ட வேண்டும் என்று ஆண்களின் வரிசைகளை முதலிலேயே அழித்துவிடுகிறார்கள். அப்போது சில கொத்துகள் முழுசாகக் காணாமல் போகலாம், மென்பொருள் கொத்துகளின் எண்ணிக்கையைத் தவறாகப் பிடிக்கும். வடிவமைப்பை முழுத் தரவில் அறிவித்துவிட்டு, அப்புறம் `svy, subpop()` என்றோ, R-இல் வடிவமைப்புப் பொருளின் மேல் `subset` என்றோ கொடுக்க வேண்டும். ஓர் அடுக்கில் ஒரே ஒரு கொத்து மிஞ்சினால் ஸ்டேட்டா திட்டப்பிழை இடத்தில் வெறும் புள்ளி காட்டும். அதற்காக வடிவமைப்பையே தூக்கிப்போட வேண்டியதில்லை. அந்த அடுக்கைத் தன்னைப் போன்ற பக்கத்து அடுக்கோடு சேர்த்தால் போதும்.

கட்டின்மை அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். அது ஆட்களின் எண்ணிக்கையைச் சார்ந்ததல்ல, கொத்துகளிலிருந்து அடுக்குகளைக் கழித்தது. நம் தரவில் 200 கழித்தல் 2, வசதியான எண்தான். இதே 4,000 பேரையும் 12 கொத்துகளில் எடுத்திருந்தால் மிஞ்சுவது 10. அப்போது 5 சதவீத மட்டத்துக்கு t மதிப்பு 1.96-ஐத் தாண்டினால் போதாது, 2.23-ஐத் தாண்ட வேண்டும். அவ்வளவு குறைந்த கொத்துகளில் திட்டப்பிழை மதிப்பீடே ஆட்டம் காணும் என்பதால், அந்த எல்லையை ஒட்டி வரும் முடிவை நான் கண்டுபிடிப்பாக எழுத மாட்டேன்.