விலை ஏறுது சரி, அது புது லாங்கா ஷார்ட் கவரிங்கா?

காரைக்குடியில் நாங்கள் நாலைந்து பேர் மார்க்கெட் முடிந்ததும் அன்றைய பியூச்சர்ஸ் கணக்கை எடுத்து வைத்துப் பேசுவோம். போன வாரம் அக்கா மகன் கேட்டான்: "மாமா, ரெண்டு பங்கும் மூணு சதவீதம் ஏறியிருக்கு, ரெண்டும் ஒண்ணுதானே?" ஒன்றில்லை. அவனுக்குச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன், எண்களை மட்டும் சுலபமாக இருக்கட்டும் என்று உதாரணத்துக்காக மாற்றியிருக்கிறேன்.

இரண்டு பங்கின் பியூச்சரும் நேற்று 500, இன்று 515. முதல் பங்கில் ஓப்பன் இன்ட்ரஸ்ட் 1 கோடியிலிருந்து 1.12 கோடி ஆகியிருக்கிறது, இரண்டாவதில் 1 கோடியிலிருந்து 88 லட்சமாக இறங்கியிருக்கிறது. வால்யூம் என்பது ஒரு நாளில் நடந்த மொத்த கொடுக்கல் வாங்கல், ஓப்பன் இன்ட்ரஸ்ட் என்பது நம்மூர் பேரேட்டில் சாயங்காலம் தீராமல் நிற்கும் நிலுவை மாதிரி. வால்யூம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நிலுவை கூடியதா குறைந்ததா என்று அது சொல்லாது.

நிலுவை எப்படி மாறுகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கணும், ஏனென்றால் பலரும் இதைத் தாண்டிவிட்டு விலையும் நிலுவையும் ஏறியதா இறங்கியதா என்று நாலு கட்டம் போட்ட அட்டவணைக்கு நேராகப் போய்விடுகிறார்கள். புதிதாக வாங்கி லாங் போகிறவரும் புதிதாக விற்று ஷார்ட் போகிறவரும் சேர்ந்தால் நிலுவை கூடும். ஏற்கனவே ஷார்ட் வைத்திருப்பவர் அதை முடிக்கத் திரும்ப வாங்க, அதாவது ஷார்ட் கவரிங் செய்ய, ஏற்கனவே லாங் வைத்திருப்பவர் விற்றால் குறையும். ஒருவர் புதியவர், எதிரில் இருப்பவர் பழையவர் என்றால் நிலுவை அசையாது, கை மட்டும் மாறும். ஆக, முதல் பங்கில் கூடிய 12 லட்சத்தில் எத்தனை புது லாங்கோ அத்தனை புது ஷார்ட்டும் இருக்கிறது. அப்படியிருந்தும் அதை லாங் பில்டப் என்கிறோமே, அது ஏன்? விலை மேலே போனதால் வாங்குகிறவருக்குத்தான் அவசரம் அதிகம் என்று ஊகிக்கிறோம். இது ஊகம்தான், எக்ஸ்சேஞ்ச் அப்படி எதையும் பதிவு செய்வதில்லை.

அதனால்தான் நான் ஸ்பாட் விலையையும், அதாவது பங்கின் ரொக்க விலையையும், பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். முதல் பங்கின் ஸ்பாட் நேற்று 498, இன்று 511.50; ஸ்பாட்டைவிடப் பியூச்சர் கூட நிற்கும் பிரீமியம் 2 ரூபாயிலிருந்து 3.50 ஆகியிருக்கிறது. கூடக் கொடுத்தாவது பியூச்சரை வாங்க ஆள் இருக்கிறது, அந்த பிரீமியத்தைப் பிடிக்க ஸ்பாட்டில் வாங்கிப் பியூச்சரில் விற்கிற ஆர்பிட்ரேஜ்காரரும் எதிரில் வந்திருக்கலாம். அப்படி வந்த ஷார்ட், விலை இறங்கும் என்று நினைத்துப் போட்டதே இல்லை.

இரண்டாவதில் ஸ்பாட் நேற்று 502, அதாவது பியூச்சர் 2 ரூபாய் டிஸ்கவுண்டில் கிடந்தது. இன்று ஸ்பாட் 514, பியூச்சர் 1 ரூபாய் பிரீமியத்துக்கு வந்துவிட்டது. டிஸ்கவுண்டில் கிடந்த பியூச்சர் இப்படி நிமிர, நிலுவையும் 12 லட்சம் குறைந்தால், மாட்டிக்கொண்ட ஷார்ட்காரர்கள் அடித்துப் பிடித்து வெளியேறுகிறார்கள் என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். இந்த ஏற்றத்துக்கு எரிபொருள் அவர்கள் வாங்குவதுதான், அவர்கள் முடித்ததும் மேலே தள்ள வேறு ஆள் வேண்டும். எனக்கு முதல் பங்கின் ஏற்றத்தில்தான் நம்பிக்கை அதிகம்.

அட்டவணையை மட்டும் நம்புகிறவர்கள் அதிகம் ஏமாறுவது எக்ஸ்பைரி வாரத்தில். நிஃப்டியிலும் பங்குகளிலும் ஒரே நேரத்தில் மூன்று மாத பியூச்சர்கள் ஓடும். மாதக் கடைசி நெருங்கும்போது பொசிஷனை அடுத்த மாதத்துக்குத் தள்ளுவார்கள். நடப்பு மாதத்தில் 40 லட்சம் குறைந்திருக்கும், அடுத்த மாதத்தில் 46 லட்சம் கூடியிருக்கும். நடப்பு மாதத்தை மட்டும் பார்த்தவர் 'ஷார்ட் கவரிங்' என்று அடித்துச் சொல்வார், கூட்டிப் பார்த்தால் உண்மையில் 6 லட்சம் கூடியிருக்கிறது. மூன்று மாதத்தையும் கூட்டாமல் அந்த வாரத்தில் முடிவுக்கு வரவே கூடாது.

இறக்கத்துக்கும் இதே வழிதான்: விலை இறங்கி நிலுவை கூடினால் புது ஷார்ட், குறைந்தால் லாங்காரர்கள் வெளியேறுகிறார்கள். அப்புறம், புது பொசிஷன் எடுக்கத் தடை போட்ட பேன் பட்டியலில் இருக்கும் பங்கை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கே பொசிஷனைக் குறைக்கச் சொல்வதே விதி, எனவே நிலுவை இறங்குவதில் யாருடைய கருத்தும் தெரியாது.

அக்கா மகன் கடைசியில், "அப்ப ரெண்டாவதை விட்டுடவா மாமா?" என்றான். விட வேண்டாம், இரண்டு மூன்று நாள் பார் என்றேன். 515-க்கு மேலேயே நின்று, 88 லட்சத்திலிருந்து நிலுவை மறுபடி கூட ஆரம்பித்து, பிரீமியமும் தங்கினால், ஷார்ட்காரர்கள் விட்ட இடத்தில் புது லாங் வந்து உட்கார்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். விலை நின்றும் நிலுவை இறங்கிக்கொண்டே போனால், இன்னும் பழைய ஆட்கள்தான் கணக்கை முடித்துக்கொண்டிருக்கிறார்கள்.