பத்திரத்தில் பெயர் சரிபார்க்க ஒரு தனித்தாள்: பல வருட அனுபவம்

திருமங்கலம் பக்கம் ஒரு பத்திர எழுத்தரிடம் தட்டச்சும் சரிபார்ப்பும் என் வேலை. கிரயப் பத்திரத்தில் வரும் ஆட்களின் பெயர், முகவரி, அடையாள எண் எல்லாம் முதல் பக்கத்திலிருந்து கையெழுத்துப் பக்கம் வரை ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்க்க, ஒரு தனித்தாளும் கணினியில் இருக்கும் தேடல் வசதியும் மட்டும்தான் நான் வைத்திருப்பது. பல வருடமாக இதே முறை. எது நன்றாக வேலை செய்கிறது, எங்கே கை விடுகிறது என்று சொல்கிறேன்.

முன்பெல்லாம் ஒருவர் சத்தமாக வாசிப்பார், இன்னொருவர் மூலக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே வருவார். எண்களுக்கு இது இன்றைக்கும் நல்ல வழிதான். பெயருக்குச் சரிவராது. நம் ஊரில் லட்சுமி என்று எழுதியிருந்தாலும் லெட்சுமி என்றுதான் வாசிப்போம். கருப்பசாமி, கருப்பச்சாமி இரண்டையும் வேகமாகச் சொன்னால் காதுக்கு வித்தியாசமே தெரியாது. பெயரைக் கண்ணால், எழுத்து எழுத்தாகத்தான் பார்க்க வேண்டும்.

தாளில் ஓர் ஆளுக்கு ஒரு வரி. முதல் கட்டத்தில் ஆதாரில் உள்ளபடி பெயர். அடுத்ததில் மூலப்பத்திரத்தில் உள்ளபடி பெயர். மூன்றாவதில் இந்தப் பத்திரத்தில் எங்கெங்கே எப்படி எழுதப் போகிறோம் என்ற முடிவு. அப்புறம் முகவரி, ஆதார் எண், பான் எண். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டுதான் நிரப்புவேன். கட்சிக்காரர் வாயால் சொல்வதையோ, போன பத்திரத்தின் வரைவில் இருப்பதையோ பார்த்து நிரப்பினால் இந்தத் தாளால் ஒரு பயனும் இல்லை.

ஒரு பத்திரத்தை எடுத்துக்கொள்வோம், பெயர்களை மாற்றியிருக்கிறேன். எழுதிக் கொடுப்பவர் முத்துலெட்சுமி என்ற வயதான அம்மா. நிலம் அவருடைய தகப்பனார் 1987-ல் கிரயம் வாங்கியது. அந்த மூலப்பத்திரத்தில் அவர் பெயர் கருப்பச்சாமி. இறப்புச் சான்றிலும் வாரிசுச் சான்றிலும் கருப்பசாமி. அந்த அம்மாவின் ஆதாரிலும் த/பெ கருப்பசாமி. வரைவில் ‘கருப்ப’ என்று மட்டும் போட்டுத் தேடினேன். ஐந்து இடங்கள் வந்தன: முதல் பக்கத்தில் ஒன்று, சொத்து வந்த விதத்தைச் சொல்லும் பத்தியில் இரண்டு, சொத்து விவரத்தில் ஒன்று, கையெழுத்துக்கு மேலே ஒன்று.

ஐந்தையும் ஒரே மாதிரி ஆக்கிவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அதுதான் ஆபத்து. மூலப்பத்திரத்தைச் சொல்லும் இடத்தில் அதில் உள்ள எழுத்தையே விட வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு வில்லங்கச் சான்றோடு ஒப்பிடுகிறவர், வாங்கியது வேறு ஆள் என்று நினைப்பார். வங்கியில் கடனுக்குப் போனால் சட்ட ஆலோசகர் கேட்கும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். மகளின் அடையாளத்தைச் சொல்லும் முதல் பக்கத்திலும் கையெழுத்திலும் ஆதாரில் உள்ளதே இருக்க வேண்டும். இரண்டையும் இணைக்க, சொத்து வந்த விதத்தில் ஒரு தடவை ‘கருப்பச்சாமி என்கிற கருப்பசாமி’ என்று எழுதினோம். அந்த அம்மாவிடம் கேட்டதற்கு, “என் தகப்பன் பேரு ரெண்டு விதமாவும் எழுதுவாக தம்பி, ரெண்டையும் போட்டுரு” என்றார். சொத்து விவரத்தில் வந்த கருப்பசாமி யார் தெரியுமா? நிலத்தின் நான்கு பக்க எல்லைகளைச் சொல்லும் நான்கு மாலில், மேற்கே நிலம் வைத்திருக்கிற பக்கத்து நிலக்காரர். Replace All அழுத்தியிருந்தால் அவர் பெயரும் சேர்ந்து மாறியிருக்கும். அந்தப் பொத்தானை நான் பத்திரத்தில் தொடுவதே இல்லை. தேடுவது கணினி, மாற்றுவது கை.

தேடும்போது முழுப் பெயரையும் போடக் கூடாது. சொக்கலிங்கம் என்று போட்டால் ‘சொக்கலிங்கத்தின்’, ‘சொக்கலிங்கத்திற்கு’ வராது, வேற்றுமை உருபு சேர்ந்தால் கடைசி ‘ம்’ போய்விடுகிறது. மாறாத நடுப்பகுதியைப் போட வேண்டும். இன்னொரு சிக்கலும் இதே பெயரில் உண்டு. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து பிறகு யூனிகோடுக்கு மாற்றிய கோப்பில், ‘சொ’ சில சமயம் ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடாக உட்கார்ந்திருக்கும். நாம் இன்று அடிக்கும் ‘சொ’-வில் அவை ஒரே குறியீடு. திரையிலும் அச்சிலும் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் தேடினால் ஒன்று சிக்கும், மற்றது நழுவும். தேடல் காட்டும் எண்ணிக்கையும் கண்ணால் எண்ணியதும் ஒத்துப்போகவில்லை என்றால் இதைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். ‘க்கலிங்க’ என்று அந்த எழுத்தைத் தவிர்த்துத் தேடினால் எல்லாமே வந்துவிடும். கௌசல்யா போன்ற பெயர்களிலும் இந்தத் தொல்லை உண்டு. பலர் ‘ௌ’ குறிக்குப் பதில் கொம்பு போட்டு ‘ள’ அடிக்கிறார்கள்.

எண்களைத் தாளிலிருந்து நான்கு நான்காக ஒருவர் சொல்ல, மற்றவர் பத்திரத்தில் விரல் வைத்துப் பார்ப்போம். பான் எண்ணுக்கு ஒரு வசதி இருக்கிறது. முதல் ஐந்தும் எழுத்து, அடுத்த நான்கும் இலக்கம், கடைசி ஒன்று எழுத்து. ஓ என்ற ஆங்கில எழுத்தையும் பூஜ்யத்தையும் மாற்றி அடித்திருந்தால் இடத்தை வைத்தே பிடித்துவிடலாம். தனி ஆளுடைய பான் என்றால் நான்காவது எழுத்து P. ஆதாரின் பன்னிரண்டு இலக்கத்தில் இப்படிக் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் ஏதும் இல்லை, அதனால் அங்கே வாசித்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

முகவரியில் இந்த முறை கொஞ்சம் திணறும். ஆதாரில் உசிலம்பட்டி 625532 என்று இருக்கும், ஆள் குடியிருப்பது திருமங்கலம் 625706. இரண்டுமே உண்மை. ஊரை மாற்றிவிட்டு அஞ்சல் எண்ணைப் பழையபடியே விட்டுவிடுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் பிழை. அதனால் ஊர்ப் பெயரைத் தேடாமல் ‘625’ என்று தேடுவேன். மதுரை வட்டாரத்து முகவரிகள் ஒன்று விடாமல் வரிசையாக வரும், ஊரும் எண்ணும் பொருந்துகிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம்.

இத்தனை மெனக்கெடுவதற்குக் காரணம் பிழைத்திருத்தல் பத்திரம்தான். பதிவான பிறகு பிழையைத் திருத்த, எழுதிக் கொடுத்தவர் மறுபடி வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவர் காலமாகியிருந்தால் வாரிசுகள் எல்லோரையும் தேடிப் பிடிக்க வேண்டும். வேறிடத்தில் எழுதிய பத்திரத்தில் ஓர் எழுத்துப் பிழைக்காக, பிணக்கில் இருக்கும் அண்ணன் தம்பிகளிடம் நடையாய் நடக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மனசு தாங்காது.

தாளுக்கு ஓர் எல்லை உண்டு. பதிவுத் துறை இணையதளத்தில் ஆட்களின் விவரத்தைத் தனியாக உள்ளிடுகிறோம், பத்திரக் கோப்பில் தேடினால் அந்தப் பிழை அகப்படாது. அதனால் உள்ளிட்டு முடித்ததும் அதை அச்செடுத்து, பத்திரத்தோடு வைக்காமல் தாளோடு வைத்துப் பார்க்கிறேன். சாட்சிகளையும் தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள். பதிவு நாளன்று காலையில் சாட்சி மாறுவது சாதாரணம். பழைய சாட்சியின் பெயரை எடுத்துவிட்டு, அவர் ஆதார் எண்ணை அப்படியே விட்டுவிடுவார்கள். அதனால் சாட்சி மாறினால் அந்த வரியை முழுசாக அடித்துவிட்டு, புது அட்டையைக் கையில் வாங்கிப் புது வரி எழுதுவேன்.