முடியோரப் பருவுக்கு சாலிசிலிக்கா, பென்சாயிலா, கீட்டோகோனசோல் ஷாம்பூவா?

நெத்திக்கு மேல முடி ஆரம்பிக்கிற எடத்துல பொடிப்பொடியா வருதே, அதுக்கு இந்த மூணுல ஒண்ணத்தான் எல்லாரும் சொல்லுவாங்க. மூணையும் போட்டுப் பாத்தவன் நான், ஆனா போட்ட வரிசைதான் தப்பு.

முதல்ல விரல வச்சு தடவிப் பாருங்க. மணல் மாதிரி நெருநெருன்னு, தோல் கலர்லயே, அரிப்பே இல்லாம இருந்தா அது எண்ணெயும் முடிக்குப் போடுற வாக்ஸும் துவாரத்த அடைச்ச பரு. இதுக்கு 2% சாலிசிலிக் ஆசிட்தான் சரி, ஏன்னா அது எண்ணெயில கரையும், அதனால துவாரத்துக்குள்ள எறங்கி அடைப்ப இளக்கும். வேகம் மட்டும் எதிர்பாக்காதீங்க, ஆறு எட்டு வாரம் ஆகும். தினமும் போட்டு தோல் உரிஞ்சா ஒருநாள் விட்டு ஒருநாள்னு குறைச்சுக்கணும்.

சிவந்து, சீழ் வச்சு, தொட்டா வலிக்கிற பருவா இருந்தா பென்சாயில் பெராக்சைட். பாக்டீரியாவ கொல்ற வேல அதுக்குத்தான் நல்லா வரும். 2.5% போதும், சதவீதம் ஏத்துனா எரிச்சல்தான் ஏறும். நான் இத ராத்திரி தடவிட்டு அப்படியே தூங்கிட்டேன், காலைல பாத்தா கருநீல தலகாணி உறைல ஆரஞ்சு திட்டு திட்டா இருக்கு! துணிய மட்டுமில்ல, முடியோட நிறத்தயும் வெளுத்துடும், அதனால முடியோரத்துக்கு கழுவுற வகைதான் நல்லது, ரெண்டு மூணு நிமிஷம் வச்சு அலசிடுங்க.

எனக்கு வந்தது ரெண்டுமே இல்லங்கிறதுதான் கத. எல்லாம் ஒரே சைஸ், லேசா சிவப்பு, ஹெல்மெட்ட கழட்டுனதும் அரிக்கும். இது மலசீசியாங்கிற ஈஸ்ட் முடிக்குழில பெருகி வர்றது, வேர்வையும் எண்ணெயும் சேந்த எடம் அதுக்கு வசதி. இத சாதாரண பருன்னு நெனச்சு ஆன்டிபயாடிக் சாப்பிட்டா கூடவும் செய்யலாம். இங்கதான் 2% கீட்டோகோனசோல் ஷாம்பூ ஜெயிக்குது. வாரத்துக்கு ரெண்டு தடவ, நுரைய முடியோரத்துலயும் தடவி அஞ்சு நிமிஷம் விட்டு அலசுனேன், மூணாவது வாரம் அரிப்பு நின்னுச்சு. ஆனா அடைப்புப் பருவுக்கு இதப் போட்டா ஒண்ணும் நடக்காது, தெரிஞ்சவர் ஒருத்தர் ரெண்டு மாசம் இதையே தேச்சுட்டு ஷாம்பூவ திட்டிட்டிருந்தாரு.

அடைப்புப் பருவும் ஈஸ்ட் பருவும் கலந்தும் வரும், அப்போ ஷாம்பூ ரெண்டு நாள், மத்த நாள்ல சாலிசிலிக்.

எத எடுத்தாலும் வாக்ஸ முடியோரத்துலேர்ந்து ஒரு விரக்கட தள்ளியே தேய்க்கணும், எண்ணெய தடவிட்டு ராத்திரி முழுக்க விடாம குளிக்கிறதுக்கு முன்னாடி வச்சு அலசிடணும், கண்டிஷனர அலசினதுக்கு அப்புறம்தான் மூஞ்சி கழுவணும், இல்லன்னா அதோட பிசுக்கு நெத்திலயே நின்னுடும். பரு வந்த எடத்துல முடி கொட்டுனாலோ, பின்கழுத்துல கட்டி கட்டியா இறுகுனாலோ இந்த மூணுமே வேலைக்கு ஆகாது, தோல் டாக்டர்ட்ட போயிடுங்க.