இரண்டு ஆண்டு டேட்டா காண்ட்ராக்ட்: ஐந்தரை மணி நேரக் கணக்கு

பக்கத்து அணி நண்பர், "உங்களிடம் டேட்டா காண்ட்ராக்ட் இருக்கிறதே, நாங்களும் எழுதிக்கொள்ளலாமா?" என்று கேட்டது, எங்களுடையதைப் பழுதுபார்த்து முடித்த அதே வாரத்தில்தான். எனவே இதில் கோபமும் கொஞ்சம் கலந்திருக்கும்.

ஆர்டர் அணியின் ஜாப் தினமும் அதிகாலை 5.45 மணிக்கு ஓடி, முந்தைய நாளின் ஆர்டர்களைக் கோப்பாகத் தரும். நிதிப் பக்கத்தில் நாங்கள் அதைக் கணக்கில் ஏற்றுவோம். கோப்பில் என்னென்ன பத்திகள், எந்த வகையில் இருக்கும் என்று இரு அணிகளும் எழுதிக்கொண்ட இந்த ஒப்பந்தம் வந்த பிறகு அவர்களால் சொல்லாமல் ஒரு பத்தியின் பெயரைக்கூட மாற்ற முடியவில்லை, அவர்கள் பக்கத்துச் சோதனையே தடுத்துவிடுகிறது. காலையில் ஏற்றம் உடைந்து கிடப்பது அநேகமாக நின்றுவிட்டது. அதற்கு நான் உண்மையாகவே நன்றியுள்ளவன்.

எரிச்சல் `order_date` என்ற ஒரே பத்தியில் இருக்கிறது. அது தேதி வகை, வெறுமையாக இருக்கக் கூடாது என்று எழுதியிருந்தோம். எந்த ஊர் நேரப்படி தேதி என்று எழுதவில்லை. மார்ச் நடுவில் அவர்கள் ஜாபைப் புதிய கண்டெய்னருக்கு மாற்றினார்கள். அதன் கடிகாரம் யூடிசி, அதாவது இந்திய நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால். அன்று முதல் ஒவ்வொரு கோப்பும் காலை 5.30 முதல் மறுநாள் காலை 5.30 வரையிலான ஆர்டர்களைச் சுமந்து வந்தது. கோப்பில் முழுதாக 24 மணி நேரம் இருந்ததால் வரிசை எண்ணிக்கையில் வித்தியாசம் தெரியவில்லை; சோதனைகள் அனைத்தும் பச்சையாகவே இருந்தன. ஆனால் மாறிய நாளின் நள்ளிரவு முதல் 5.30 வரையிலான ஆர்டர்கள் எந்தக் கோப்பிலும் வரவில்லை. ஏப்ரல் 1 அதிகாலை ஆர்டர்களோ மார்ச் 31 என்ற தேதியுடன் முடிந்துபோன நிதியாண்டில் போய் உட்கார்ந்தன. பேமென்ட் கேட்வே அனுப்பிய தொகையுடன் ஒப்பிட்டபோதுதான் பிடிபட்டது.

கேட்டதற்கு, "ஒப்பந்தத்தை நாங்கள் மீறவில்லையே" என்றார்கள். உண்மைதான், அதுதான் இன்னும் கடுப்பேற்றியது.

கடிகாரத்தைத் திருத்திய நாளில் இதே ஐந்தரை மணி நேரம் இரண்டு கோப்புகளில் வந்தது. `order_id` தனித்துவமானதா என்ற சோதனை ஒரு கோப்புக்குள் மட்டுமே பார்ப்பதால் அதுவும் தப்பிவிட்டது. இரட்டிப்பை நாங்களே நீக்கினோம். இப்போது நேர மண்டலத்தை ஒப்பந்தத்தில் எழுதி, கோப்பை வெளியிடும் முன் இதையும் ஓட்டச் சொல்லியிருக்கிறோம். விடை 0 வர வேண்டும்:

```sql
select count(*) from orders_nightly
where order_date <>
  (created_at at time zone 'Asia/Kolkata')::date;
```

`created_at` நேர மண்டலத்துடன் சேமிக்கப்பட்டிருந்தால்தான் இது செல்லும். விடுபட்ட ஆர்டர்களையும் இது காட்டாது. அதற்குக் கேட்வே தொகையுடன் தினமும் ஒப்பிடுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

எங்கள் ஒப்பந்தத்தை நீக்கச் சொன்னால் நான்தான் முதலில் சண்டைக்குப் போவேன். நண்பரிடம் மட்டும், இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.