ஒரே கீயா, இரண்டு கீயா?

பச்சைத்திரையில் இடப்பக்கம் வெளிச்சம் விழுந்து நிறம் RGB-யில் 0,200,80 என்றும் வலது மூலை இருண்டு 0,110,50 என்றும் இருந்தால், அந்தப் பச்சையை நீக்க ஒரே கீ போடுகிறவர்கள் பளிச்சென்ற இடத்தைத் தொட்டுவிட்டு, மூலை போகும்வரை டாலரன்ஸை ஏற்றிக்கொண்டே போவார்கள். மூலை போகும், கூடவே முடியோரமும் கண்ணாடி விளிம்பும் போய்விடும். தலைக்குப் பக்கத்துப் பச்சையைத் தொட்டால் கொஞ்சம் தேவலை.

இரண்டு கீ என்றால் வேலை அதிகம்தான்: கிளிப்பை நகலெடுத்து, மாஸ்க்கால் வெளிச்சப் பாதி, இருட்டுப் பாதி என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் அந்தந்தப் பச்சையைத் தொட்டு டாலரன்ஸைக் குறைவாக வைக்க வேண்டும். முடி தப்பிக்கும். ஆனால் ஆள் நகர்ந்து மாஸ்க் கோட்டைத் தாண்டினால் அங்கே ஓரம் துள்ளும், கோட்டை மங்கலாக்கினாலும் முழுசாகப் போகாது.

எதுவானாலும் ஆள் வெள்ளையாகவும் நீங்கிய இடம் கருப்பாகவும் தெரியும் ‘மேட்’ காட்சியில் பாருங்கள், உடம்புக்குள் சாம்பல் தெரிந்தால் டாலரன்ஸ் கூடிவிட்டது. உட்கார்ந்து பேசும் வீடியோவுக்கு நான் இரண்டு கீதான் போடுவேன்.