வீகன் லெதர் ஷூ வாங்குமுன் பெட்டியில் உள்ள தயாரிப்புத் தேதியைப் பாருங்கள்

இந்தத் தை மாதம் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வேலூர் போயிருந்தேன். மண்டபத்து வாசலிலிருந்து பந்தி வரைக்கும் நான் நடந்த வழியெல்லாம் கருப்புப் பொடி. காலைத் தூக்கிப் பார்த்தால், இடது ஷூவின் குதிகால் ஈர ரஸ்க் மாதிரி உதிர்ந்துகொண்டிருந்தது. அரை மணி நேரத்தில் வலது ஷூவும் பிளந்துவிட்டது.

அது 2023 ஆடித் தள்ளுபடியில் சென்னையில் ஒரு கடையில் வாங்கியது. "வீகன் லெதர், மறுசுழற்சித் துணி, தோல் ஷூ அளவுக்கு உழைக்கும்" என்று சொல்லி விற்றார்கள். தள்ளுபடி போக 4,600 ரூபாய். மாட்டுத்தோல் வேண்டாம் என்று மனதார நினைத்துத்தான் வாங்கினேன். ஐந்தாறு மாதம் அலுவலகத்துக்குப் போட்டேன். பிறகு வீட்டிலிருந்தே வேலை என்றானதும் துடைத்துப் பெட்டியில் போட்டு பீரோ மேல் வைத்துவிட்டேன். பத்திரமாக வைத்திருக்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

கடையில் ஒரு வருட உத்தரவாதம் முடிந்துவிட்டது என்றார்கள். அப்புறம், "பெட்டியில் பூட்டி வைத்தது உங்கள் தவறு" என்றார்கள். பெட்டியில் வைக்கக்கூடாது என்று விற்கும்போது யாருமே சொல்லவில்லையே!

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் முப்பது வருடம் வேலை பார்த்த சித்தப்பா ஒருவர் இருக்கிறார். ஷூவை அவரிடம் கொண்டுபோனேன். விரலால் அழுத்தியவுடனே, "இது தேஞ்சு போனதில்லப்பா, உள்ளுக்குள்ளேயே செத்துப்போன சோல்" என்றார்.

விஷயம் இதுதான். இந்த சோல் பாலியூரித்தேன் நுரை, சுருக்கமாக பி.யூ. லேசாகவும் மெத்தென்றும் இருப்பதால் நிறைய ஷூக்களில் போடுகிறார்கள். இதில் பாலியெஸ்டர் வகை, பாலியீதர் வகை என்று இரண்டு உண்டு. ஷூ சோலில் அதிகம் வருவது பாலியெஸ்டர் வகை. காற்றில் உள்ள ஈரம் அதன் மூலக்கூறு இணைப்புகளை ஒவ்வொன்றாக அறுக்கிறது. அப்படி அறும்போது உண்டாகும் அமிலம் மிச்சத்தையும் வேகமாக அறுக்கிறது. போட்டு நடந்தாலும் சரி, நடக்காவிட்டாலும் சரி, இது நிற்பதில்லை. சென்னை மாதிரி புழுக்கமான ஊரில், காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் இன்னும் மோசம்.

சித்தப்பா பெட்டியைத் திருப்பி ஸ்டிக்கரைக் காட்டினார். தயாரித்த மாதம் ஆகஸ்ட் 2020. நான் வாங்கும்போதே அதற்கு ஏறக்குறைய மூன்று வயது! சோலின் ஆயுள், நான் காசு கொடுத்த நாளிலிருந்து ஓடவில்லை. வார்த்த நாளிலிருந்தே ஓடியிருக்கிறது. பழைய சரக்கைத் தள்ளுபடியில் தள்ளிவிட்டு, உத்தரவாதத்தை மட்டும் பில் தேதியிலிருந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள். நான் ஏமாற்றப்பட்டேன் என்று நினைப்பது இதனால்தான்.

மேல்பகுதியையும் பிளேடால் வெட்டிக் காட்டினார். அடியில் துணி, மேலே மெல்லிய பி.யூ. பூச்சு, அவ்வளவுதான். விரல் மடங்கும் இடத்தில் பூச்சு வெடித்துச் செதிள் செதிளாக உரிந்திருந்தது. தோல் என்றால் பாலிஷ், எண்ணெய் போட்டுக் கொஞ்சம் ஓட்டலாம். இதில் பூச்சு உரிந்தால் ஒட்ட வழியில்லை. கள்ளிச்செடி, ஆப்பிள் சக்கை என்ற பெயரில் வருகிற வீகன் லெதரிலும் பெரும்பாலும் அவற்றின் பொடியோடு பி.யூ. கலந்திருக்கும், அல்லது மேல்பூச்சாக இருக்கும்.

ஆனால் பழைய பாட்டில்களிலிருந்து செய்த உள்துணி மட்டும் புதிது போலவே இருந்தது. ஒரு தையல்கூட விடவில்லை. அதனால் மறுசுழற்சிப் பொருள் என்றாலே உழைக்காது என்று நான் சொல்லமாட்டேன். உண்மையான தோல் ஷூவாக இருந்தாலும் அடியில் இதே பி.யூ. சோல் இருந்தால் அதுவும் இப்படித்தான் உதிரும் என்கிறார் சித்தப்பா.

வாங்குகிறவர்கள் முதலில் தயாரித்த மாதம், ஆண்டைப் பாருங்கள். ஒரு வருடத்துக்கு மேல் பழையது என்றால் எத்தனை தள்ளுபடி கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். அடுத்து, சோல் எதனால் ஆனது என்று கேளுங்கள். ரப்பர் கொஞ்சம் கனமாக இருக்கும், ஆனால் ஈரத்தில் இப்படிப் பொடியாகாது. பி.யூ. என்றால் பாலியீதர் வகையா என்று கேளுங்கள், அது ஈரத்தை இன்னும் நன்றாகத் தாங்கும். ஏற்கெனவே வீட்டில் இருந்தால் பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்து, வாரம் ஒருமுறையாவது போடுங்கள். சோலின் பக்கவாட்டில் நகத்தால் அழுத்துங்கள். பள்ளம் திரும்ப எழும்பாவிட்டாலோ, பிசுபிசுத்தாலோ, மயிரிழை வெடிப்பு தெரிந்தாலோ அதைப் போட்டுக்கொண்டு வெளியூர் போகாதீர்கள்.

தயாரிப்புத் தேதி ஸ்டிக்கரையும் பில்லையும் படம் எடுத்து, 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். கடைக்காரர் 500 ரூபாய் கூப்பன் தருவதாகச் சொன்னார். நான் வாங்கவில்லை.