முன்ஷி அப்துல்லாவை எவ்வளவு நம்பலாம்? முதன்மை ஆதாரமும் இரண்டாம் நிலை ஆதாரமும்

அக்கா மகள் உயர்நிலை மூன்றில் வரலாறு எடுத்திருக்கிறாள். ஆதாரத்தைக் கொடுத்து ‘இது எவ்வளவு நம்பகமானது’ என்று கேட்கும் கேள்விகளுக்கு அவளும் தோழிகளும் ஒரே மாதிரி பதில் எழுதுகிறார்கள்: இது முதன்மை ஆதாரம், எழுதியவர் அந்தக் காலத்தில் வாழ்ந்தவர், ஆகவே நம்பலாம். இரண்டாம் நிலை ஆதாரமா, பிற்காலத்தவர் எழுதியது, ஆகவே கொஞ்சம் குறைவு. ஆதாரத்தின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டை மட்டும் படித்துவிட்டு மதிப்பெண் போடுகிறார்கள்.

நான் முதன்மை ஆதாரத்தின் பக்கம்தான். ஒரு வாசகர் வட்டத்துக்காகச் சிங்கப்பூரின் தொடக்க ஆண்டுகளைப் பற்றிக் கட்டுரை எழுத உட்கார்ந்தபோது, நவீன வரலாற்று நூல்களைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் முன்ஷி அப்துல்லாவின் தன்வரலாறான ‘ஹிகாயாத் அப்துல்லா’வைத்தான் எடுத்தேன். இன்றும் அப்படித்தான் செய்வேன். ஆனால் அந்த ஒரே புத்தகத்துக்குள்ளேயே எதை எவ்வளவு நம்புவது என்பது பக்கத்துக்குப் பக்கம் மாறுகிறது.

அப்துல்லா மலாக்காவில் பிறந்தவர். முன்னோரில் அரபியரும் உண்டு, தமிழரும் உண்டு. சிறுவயதில் தமிழும் படித்தவர். பிற்காலத்தில் சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் 1811ல் ஜாவா படையெடுப்புக்கு முன்பு மலாக்காவில் இருந்தபோது அவரிடம் எழுத்தராக வேலை பார்த்தார். தன்வரலாற்றை 1840களில் எழுதினார், 1849ல் அது சிங்கப்பூரில் அச்சானது. ராஃபிள்ஸை நேரில் அறிந்தவர், மலாய் மொழியில், இந்த ஊரைப் பற்றி எழுதியிருக்கிறார் என்றால் ஒரு மாணவருக்கு இதைவிட என்ன வேண்டும் என்றுதான் தோன்றும்.

சரி, 1819ல் ஆங்கிலேயர் வந்து இறங்கியதை அவர் எப்படிச் சொல்கிறார்? ஆங்கிலேய அதிகாரி ஃபர்க்குவார் முதலில் வருகிறார், தீவின் மலாய்த் தலைவரான தெமெங்கோங்குடன் பேசுகிறார், கூடாரம் போடுகிறார், கொடி ஏற்றுகிறார். ராஃபிள்ஸ் பிறகுதான் வந்து சேர்கிறார். காட்சி காட்சியாக, பேசிய பேச்சோடு எழுதியிருப்பதால் பக்கத்தில் நின்று பார்த்தவர் சொல்வது போலவே இருக்கும். ஆனால் அப்போது அப்துல்லா மலாக்காவில் இருந்தார். சிங்கப்பூருக்கு வந்தது அதற்குப் பிறகு. இறங்கிய கதை அவருக்குக் காதுவழி வந்தது, அதை எழுதியதும் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து.

இதைச் சரிபார்க்க இன்னொரு முதன்மை ஆதாரம் இருக்கிறது. 1819 ஜனவரி 30ஆம் தேதி தெமெங்கோங் அப்துல் ரஹ்மானுடன் செய்த முதல்கட்ட உடன்பாடு, பிப்ரவரி 6ஆம் தேதி சுல்தான் ஹுசேனும் தெமெங்கோங்கும் ஒப்பமிட்ட ஒப்பந்தம். இரண்டிலும் கும்பினியின் தரப்பில் நிற்பவர் ராஃபிள்ஸ். அவர் பிறகு வந்தவராக இருக்க முடியாது. சுல்தானுக்கு ஆண்டுக்கு 5,000, தெமெங்கோங்குக்கு 3,000 ஸ்பானிய டாலர் என்ற கணக்கும் அந்த இரண்டாவது ஒப்பந்தத்தில் உண்டு. நடந்த அன்றே எழுதியது. தேதியும் தொகையும் தவறினால் இரு தரப்புக்கும் வம்பு. ஆகவே யார், எப்போது, எவ்வளவு என்ற கேள்விகளுக்கு ஒப்பந்தம்தான் கனமானது. சுல்தான் மனதில் என்ன இருந்தது என்று கேட்டால் அது வாய் திறக்காது.

அப்துல்லா ஏன் ஃபர்க்குவாரை முன்னால் நிறுத்தினார்? ஃபர்க்குவார் மலாக்காவில் பல ஆண்டுகள் அதிகாரியாக இருந்தவர், ஊரில் நல்ல பெயர் உள்ளவர். மலாக்காவில் உலவிய கதையில் அவர்தான் நாயகனாக இருந்திருப்பார் என்பது என் ஊகம். அப்படியானால் 1819ல் நடந்ததற்குப் பலவீனமான அதே பக்கங்கள், மலாக்கா மக்கள் அதை எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்ற கேள்விக்கு நல்ல முதன்மை ஆதாரமாகிவிடுகின்றன. கேள்வி மாறினால் ஆதாரத்தின் எடையும் மாறும். அக்கா மகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: முதலில் உன் கேள்வியை எழுது, அப்புறம் அந்தக் கேள்விக்கு இந்த ஆள் எவ்வளவு தூரத்தில் நின்றார் என்று பார். தூரம் என்றால் இடமும் சேர்த்து, காலமும் சேர்த்து.

இப்போது அதே புத்தகத்தில் சிங்கப்பூர்க் கல்லைப் பற்றிய பகுதிக்குப் போவோம். ஆற்று முகத்துவாரத்தில் யாராலும் படிக்க முடியாத எழுத்துகளோடு கிடந்த பாறை அது. இங்கே அப்துல்லா கண்ணால் பார்த்தவர். பாறை எப்படி இருந்தது, எழுத்தைப் படிக்க யார் யார் முயன்றார்கள், மாவைப் பிசைந்து அச்செடுத்துப் பார்த்தார்கள் என்றெல்லாம் சொல்கிறார். 1843ல் பாறையை வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். மிஞ்சிய ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. ஆகவே முழுப் பாறையைப் பற்றி அவர் எழுதியது பொன் மாதிரி.

அப்படிப்பட்ட சாட்சியும் ஓரிடத்தில் சறுக்குகிறார். கல்லை உடைத்தவர் கோல்மன் என்று பழி போடுகிறார். ஆனால் கட்டடக் கலைஞர் கோல்மன் 1841ல் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டுப் போய் 1843 கடைசியில்தான் திரும்பினார். கல் தகர்ந்தது அந்த ஆண்டின் தொடக்கத்தில். கல்லைப் பார்த்தவரின் கண் சரி. உத்தரவு கொடுத்தது யார் என்பது அலுவலகத்துக்குள் நடந்த விஷயம், அங்கே அவர் இல்லை.

இந்தப் பிழையை நானாகக் கண்டுபிடித்திருக்க முடியுமா என்றால் முடியாது. கோல்மனின் வாழ்க்கைக் குறிப்பையும் கல்லின் கதையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிற்கால ஆய்வாளர்கள்தான் காட்டிக்கொடுத்தார்கள். இரண்டாம் நிலை நூலின் உண்மையான பலம் இதுதான். பல ஆதாரங்களை ஒரே மேசையில் போட்டு மோதவிட அவர்களுக்கு நேரம் இருந்தது, நமக்கு இல்லை.

அதற்காக நூலை அப்படியே விழுங்கக் கூடாது. அதற்கும் வயதாகும். 1984ல் ஜான் மிக்சிக் ஃபோர்ட் கேனிங் மலையில் அகழாய்வு தொடங்கிய பிறகு 14ஆம் நூற்றாண்டுச் சிங்கப்பூரின் பொருள்கள் மண்ணிலிருந்து வெளியே வந்தன. இந்த ஊரின் கதையை 1819லிருந்து தொடங்கிய பழைய நூல்கள் அதற்குப் பிறகு போதவில்லை. 2014ல் வந்த பள்ளிப் பாடநூல் 1300லிருந்து தொடங்கியது. ஆகவே எந்த நூலை எடுத்தாலும் அச்சான ஆண்டைப் பாருங்கள்.

இன்னொன்றும் பாருங்கள், மாணவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். மூன்று நூல்கள் ஒரே விஷயத்தைச் சொல்கின்றன, ஆகவே உறுதி என்று எழுதிவிடுகிறார்கள். அடிக்குறிப்பைத் திருப்பிப் பார்த்தால் மூன்றுமே அப்துல்லாவின் ஒரே பக்கத்தைக் காட்டினால் உங்களிடம் இருப்பது ஒரே சாட்சி. ஒன்று அப்துல்லாவையும் மற்றொன்று கும்பினியின் கடிதங்களையும் காட்டி இரண்டும் ஒத்துப்போனால்தான் அதற்குப் பெயர் ஒப்பிட்டுச் சரிபார்த்தல். அடிக்குறிப்பே இல்லாத நூலை நான் பின்னணி தெரிந்துகொள்ள மட்டும் படிப்பேன், கட்டுரையில் ஆதாரமாகக் காட்ட மாட்டேன்.

தேர்வுக்கு நாள் நெருங்கிவிட்டால் என் வரிசையைத் திருப்பிக்கொள்ளுங்கள்: பாடநூலில் அந்த அத்தியாயம், அதன் பிறகு நேராக மூல ஆதாரம், பிறகு முரண்படும் இடத்தில் மட்டும் ஆய்வு நூல். என் அனுபவம் எழுத்து ஆதாரங்களோடு நிற்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மலாய் மொழியை அரபு வடிவில் எழுதும் ஜாவி எழுத்தை என்னால் வாசிக்க முடியாது, அப்துல்லாவை ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் படித்தேன், ஆக எனக்கும் அவருக்கும் நடுவில் இன்னொருவர் நிற்கிறார். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளையும் அதிகம் கேட்டதில்லை. ஜப்பானியர் காலத்தைப் பற்றி 1980களில் பதிவுசெய்த பேட்டி என்றால் அங்கேயும் நாற்பதாண்டு இடைவெளி இருக்கிறது, ஆனால் பேசுபவரின் குரலும் தயக்கமும் கூடவே கிடைக்கின்றன. அதற்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதை, அந்தப் பேட்டிகளோடு நிறைய நேரம் செலவழித்தவர்கள் யாராவது எழுதினால் நானும் படிப்பேன்.